மூன்று விரல் விரிசல்

கணவன் முருகவேல் வருவதற்கு முந்தைய நாள் காலையில்தான் வினோதினி அந்த விரிசலைப் பார்த்தாள். இடது காலுக்குப் போடும் ஸ்ப்ளிண்டைத் துடைத்து வைக்கும்போது கெண்டைக்கால் பக்கம் நகம் எதிலோ மாட்டியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பட்டை கோர்க்கும் ஆணி ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி மூன்று விரற்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளைத்தால் வாய் திறந்தது.

வெள்ளை பிளாஸ்டிக்கில், பாதத்திலிருந்து முட்டிக்குக் கொஞ்சம் கீழே வரை அவள் காலின் அச்சிலேயே வார்த்த இரண்டாவது ஸ்ப்ளிண்ட் அது, போட ஆரம்பித்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர் சாலையில் வண்டி கவிழ்ந்தபோது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு அறுந்துபோனது. அன்றிலிருந்து இடது பாதத்தை அவளால் மேலே தூக்க முடியாது. ஸ்ப்ளிண்ட் போட்டு அதன்மேல் ஷூ போட்டால் சாதாரணமாக நடப்பாள். இல்லாவிட்டால் விரல் நுனி தரையில் இழுபடும், ஒவ்வொரு அடிக்கும் முட்டியை உயரத் தூக்க வேண்டும்.

வண்டியை ஓட்டியது முருகவேல். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவன் ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டான். மாதம் ஒரு தடவை வருவான். வாங்கி வந்ததை மேசைமேல் வைப்பான், விளக்கு, குழாய் என்று வீட்டில் ரிப்பேர் எதுவோ அதைச் சரிசெய்வான், மறுநாள் கிளம்பிவிடுவான். அவள் ஸ்ப்ளிண்டைக் கழற்றும் நேரத்தில் சரியாக அவனுக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும். வினோதினி செங்கம் சாலைப் பக்கம், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்துத் தெரு விடுதி ஒன்றில் அறை பதிவு பார்க்கும் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் ஆறு மாதம் தங்குவார்கள், போகும்போது கட்டிப்பிடித்து அழுவார்கள். அவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், உள்ளே காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் அதே இடத்தில் இருக்கும்.

போன வாரம் அவன் போனில் பேசி முடிக்கிற நேரத்தில், இந்தத் தடவை இரண்டு நாள் லீவு போட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு, உன்னால முடியும்னா மலையைச் சுத்தி வரலாமா என்று கேட்டான்.

கல்யாணமான புதிதில் பௌர்ணமிக் கூட்டத்தை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையில் அவர்கள் இரண்டு பேரும் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரும் நடப்பார்கள். அவன் வேகமாக இரண்டடி முன்னால் போய்விட்டு நின்று திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பிப் பார்ப்பதற்காகவே அவள் மெதுவாக நடப்பாள். அதை அவனிடம் சொன்னதில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. எட்டு மாதமாக அவள் தினம் விடியும்போது எழுந்து மலையைச் சுற்றும் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். முதலில் அரை கிலோமீட்டர். பிறகு ஒன்று. இப்போது போக மூன்று, வர மூன்று. அவன் என்றாவது ஒருநாள் கேட்பான் என்று நினைத்து நடந்தாள். கேட்டும்விட்டான்.

கேட்டு ஒரு வாரத்துக்குள் ஸ்ப்ளிண்ட் வெடித்தது.

அன்று விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு மளிகைக் கடையில் ஒரு சூப்பர் குளூ வாங்கி வந்தாள். விரிசலைத் துணியால் துடைத்து, பசையை உள்ளே இறக்கி, துணி காயப்போடும் கிளிப் நான்கைப் போட்டு இறுக்கி வைத்தாள். ஒரு நிமிஷத்தில் ஒட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவள் மறுநாள் காலை வரை விட்டுவைத்தாள். கிளிப்பை எடுத்துக் காலில் மாட்டி எழுந்து நின்ற அந்த நொடியே டிக்கென்று ஒரு சின்ன சத்தம். குனிந்து பார்த்தால் விரிசல் பழையபடி திறந்திருந்தது.

முருகவேல் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். வாசலில் அவள் வெறுங்காலோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் முகம் மாறியது. என்ன ஏது என்று கேட்டு, பையைக்கூட இறக்காமல் ஸ்ப்ளிண்டைக் கையில் வாங்கினான். இவ்வளவுதானே, கவலைப்படாதே, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றான். அவனுக்கு எப்போதும் எதையாவது சரிசெய்யக் கொடுத்தால் போதும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். புது பாட்டில் பசை வாங்கி வந்தான். போனில் யாரோ காட்டியபடி விரிசல் மேல் சோடா உப்பைத் தூவி அதன்மேல் பசையைச் சொட்டினான். புகை மாதிரி ஒன்று கிளம்பி, தொட்டுப் பார்க்கும்போது கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் தட்டிக் காட்டினான், டக்டக் என்றது. அவனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெந்நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தெடுத்தான். பிறகு ஸ்ப்ளிண்டை ஒரு தடவை வளைத்தான். கல்லாக இறுகியது அப்படியே ஒரே துண்டாக, காய்ந்த பொருக்கு மாதிரி உரிந்து தரையில் விழுந்தது. அதன் அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது.

முருகவேல் அதைப் பொறுக்கி மேசைமேல் வைத்தான். இன்னொரு பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்தான்.

"வேணாங்க," என்றாள் வினோதினி. "ஒட்டாதத எத்தினி தடவ ஒட்டுவீங்க."

போன கோடையில் விடுதி மாடியில் தண்ணீர் டேங்க் வெடித்தபோது அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா வந்து உருக்கி ஒட்டிக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. டேங்க் இன்னும் ஒழுகவில்லை. முருகவேல் ஆட்டோ பிடித்து வந்தான். ஸ்ப்ளிண்ட் இல்லாமல் வாசல்படி இறங்க அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தத் தோளில் கை வைக்கிறாள். சட்டைக்குள் எலும்பு முன்பைவிடத் துருத்திக்கொண்டிருந்தது.

அடி அண்ணாமலையில் பாதையோரம் தகரம் போட்ட ஒரு கடை. வெளியே தண்ணீர் டேங்குகள், பால் கிரேட்டுகள், உடைந்த பைக் மட்கார்டுகள் குவிந்திருந்தன. ஆதிலட்சுமி ஐம்பதை ஒட்டிய வயசுக்காரி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். வினோதினியை நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்ப்ளிண்டை வாங்கி வெடிப்பில் ஒட்டியிருந்த பசை மிச்சத்தை நகத்தால் நோண்டினாள். சுலபமாக வந்துவிட்டது.

ஆதிலட்சுமிக்கு இது தினம் பார்க்கிற விஷயம். அவள் ஒரு டம்ளரில் விரலை நனைத்து ஸ்ப்ளிண்ட் மேல் தண்ணீரைத் தெளித்தாள். சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மாதிரி துளிகள் உருண்டையாக நின்றன. பக்கத்தில் கிடந்த கண்ணாடித் துண்டைத் துடைத்து அதன்மேலும் தெளித்தாள். அங்கே தண்ணீர் படர்ந்தது. முருகவேலின் விரலில் காய்ந்திருந்த பசையையும் காட்டினாள்.

"பசைன்றது மொதல்ல படரணும்ங்க. படர்ந்தாதான் புடிக்கும். இது மெழுகு மாதிரி, எதையும் மேல படர வுடாது. உப்புத்தாள் போட்டு தேச்சாலும் அதே கதைதான். உங்க வெரல்ல படர்ந்துச்சு, ஈரமும் இருந்துச்சு, புடிச்சிக்கிச்சு."

முருகவேல் சட்டைப்பையிலிருந்த பசை பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். ஆதிலட்சுமி அதைக் காட்டிச் சொன்னாள், இந்த பாட்டிலே இதே வகை பிளாஸ்டிக்தான், ஒட்டிக்காது என்பதால்தான் பசையை இதில் அடைத்து விற்கிறார்கள்.

வேறு பசையே கிடையாதா என்று வினோதினி கேட்டாள். இருக்கிறது என்றாள் ஆதிலட்சுமி. இந்த வகைக்கென்றே முதலில் ஒரு மருந்தைத் தடவி, அது காய்ந்ததும் அதன்மேல் சூப்பர் குளூ போடுகிற செட்டு வருகிறது. மூடி, பொம்மை மாதிரி சின்ன சாமானுக்கு அது போதும். இரண்டு குழாயாக வந்து கலந்து ஒட்டுகிற விசேஷப் பசையும் உண்டு, டவுனில் லேசில் கிடைக்காது. பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் தீயை மேலாக ஒரு ஓட்டு ஓட்டுவார்கள், அப்புறம் பெயிண்ட் பிடிக்கும். ஆனால் ஆள் பாரம் தாங்கி வளைகிற சாமானுக்கு அவள் நம்புவது ஒன்றைத்தான். அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி, இதையும் உருக்கி, இரண்டையும் ஒன்றாக்குவது.

சொல்லிவிட்டு அவள் உடனே வேலையைத் தொடவில்லை. இது உடம்பில் போடுகிற சாமான், செய்தவரைக் கேட்காமல் சூடு காட்டமாட்டேன் என்றாள்.

செய்தவர் வேலூரில் இருந்த கோதண்டராமன். வினோதினி போன் போட்டு, வெடித்ததையும் மலையைச் சுற்ற நினைத்திருந்ததையும் சொன்னாள். அவர் எந்த இடத்தில் வெடிப்பு என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, கணுக்கால் வளைகிற இடமாக இருந்தால் தொடவே கூடாது என்று சொல்லியிருப்பேன், அங்கே எந்த ஒட்டும் நிற்காது என்றார். இது மேலே, பட்டை ஓரம். வெல்டிங் செய்யலாம். பாலிபுரொப்பிலீன் தகடு, அதே பிளாஸ்டிக் கம்பிதான் போட வேண்டும், கெண்டைக்கால் வளைவு மாறக்கூடாது.

"ஆனா இது புதுசு வர்ற வரைக்கும்தாம்மா. வீட்டுக்குள்ள, பஸ் ஏற, அவ்ளோதான். அந்தப் பதினாலு கிலோமீட்டர் எல்லாம் இதுல நினைக்காதீங்க. மத்த எடமும் தேஞ்சிருக்கு. ரெண்டர வருஷத்துல இவ்ளோ தேய்ஞ்சு நான் பாத்ததில்ல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. முருகவேலும் கேட்டான். வினோதினி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எட்டு மாத விடியல்களும் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோன மாதிரி இருந்தது. அழக்கூடாது என்று வெளியே கிடந்த பால் கிரேட்டுகளை எண்ணினாள்.

கோதண்டராமன் சொல்லியிருந்தாலும் எந்தக் கம்பி சேரும் என்று ஆதிலட்சுமி ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். ஸ்ப்ளிண்டின் மேல்விளிம்பில், காலில் படாத ஓரத்தில், முதலில் டேங்குக்குப் போடும் பாலித்தீன் கம்பியின் நுனியை உருக்கி ஒட்டினாள். ஆறியதும் இடுக்கியால் இழுத்தாள். வந்துவிட்டது. பிறகு பைக் மட்கார்டுக்குப் போடும் பாலிபுரொப்பிலீன் கம்பி. அது ஆறிய பிறகு இழுத்தபோது கம்பிதான் நீண்டது, ஒட்டு விடவில்லை. இரண்டும் தண்ணீரில் மிதக்கும், தொட்டால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேராது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பசை மிச்சம் முழுவதையும் சுரண்டி எடுத்தாள். விரிசல் முடிகிற நுனியில் மெல்லிய துரப்பணத்தால் ஒரு சின்ன ஓட்டை போட்டாள். அதற்கு மேல் வெடிப்பு ஓடாது. விரிசலின் இரண்டு பக்கமும் கூரிய பிளேடால் செதுக்கி ஒரு வாய்க்கால் மாதிரி ஆக்கினாள். பிறகு வளைவு மாறாமல் இருக்க உள்ளே துணி சுற்றிய ஒரு கட்டை வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

முருகவேலுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை கொடுத்தாள். அவன் ஸ்ப்ளிண்டை மடியில் சாய்த்துப் பிடித்தான். இவ்வளவு நேரம் வெடிப்பை மட்டும் பார்த்தவன் அப்போதுதான் அதன் உட்புறத்தைப் பார்த்தான். வினோதினியின் கெண்டைக்கால் அங்கே அப்படியே குழிவாக இருந்தது. ஓரிடத்தில் பழைய தழும்புக்கு இடம் விட்டு லேசாகப் புடைப்பு. பாதத்தின் அடியில் குதிகால் பக்கம் பிளாஸ்டிக் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஆகியிருந்தது.

சூடான காற்று ஊதும் கருவியைப் போட்டு, காற்று சூடேறும் வரை ஆதிலட்சுமி காத்திருந்தாள். முன்னூறு டிகிரி பக்கம், ஜாஸ்தி ஆனால் கருகும், கம்மி ஆனால் மேலே படுத்துக்கொள்ளும், உள்ளே இறங்காது. அவள் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்திக்கொண்டே நகர்ந்தாள். கம்பி நுனியும் வாய்க்காலின் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் ஈரம்போல மினுங்கின. அந்த மினுக்கம் இருக்கும்போதே கம்பி உள்ளே அமிழ்ந்தது. மெழுகுவர்த்தி அணைந்த மாதிரி ஒரு வாசனை. வெளிப்பக்கம் முடித்துத் திருப்பி, உட்பக்கமும் ஒரு தடவை ஓட்டினாள்.

தண்ணீர் ஊற்றவில்லை. ஊதவும் விடவில்லை. தானாக ஆற வேண்டும் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாள்.

அவர்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். முருகவேல் ஸ்ப்ளிண்டை மடியை விட்டு இறக்கவில்லை.

"எங்க நடந்த, வினோ? அடி இவ்ளோ தேய்ஞ்சிருக்கு."

"இங்கதான். தெனம் காலையில."

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

சாலையில் ஒரு டிராக்டர் நிலக்கடலை மூட்டையோடு போனது. பிறகு, தலை நிமிராமலே சொன்னான்.

"அந்தக் கால பாக்கறப்பல்லாம் எனக்கு வண்டி பெரள்ற சத்தம் கேக்குது. அதான் பாக்கறதில்ல."

வினோதினி இந்தப் பேச்சுக்காக ஆறு வருஷம் காத்திருந்தாள். வந்தபோது அது ஆறுதலாக இல்லை, சுருக்கென்று இருந்தது.

"நீங்க பாக்காம இருந்தது கால மட்டும் இல்லீங்க," என்றாள். "என்னையும்தான்."

அவன் அழுதான். சத்தம் இல்லை. கையுறை போட்ட கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோள்பட்டையில் தேய்த்துக்கொண்டான். அவள் எழுந்து அவன் பக்கம் போக நினைத்தாள், ஸ்ப்ளிண்ட் இல்லாமல் அந்த மேடுபள்ளத் தரையில் நான்கு அடி வைக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

ஆதிலட்சுமி டீயோடு வந்தபோது இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அவள் டீயை இருவரிடமும் கொடுத்தாள். ஒட்டைத் தொட்டுப் பார்த்து, உட்புறம் தோலில் உரசாதபடி செதுக்கி, தாள் போட்டு வழவழப்பாக்கினாள். பட்டைக்குப் பழைய ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளிப் புது ஓட்டை போட்டு ஆணி அடித்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். ஒட்டின இடமும் ஒட்டாத இடமும் சேர்ந்து ஒன்றாக வளைந்தன. சத்தம் வரவில்லை.

முருகவேல் தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எப்படிப் போடுவது என்று அவனுக்குத் தெரியாது. குதிகாலை முதலில் உள்ளே தள்ள வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். காலுறை மடிப்பு விழாமல் இழுக்க வேண்டும். பட்டை ரொம்ப இறுக்கக்கூடாது. அவன் விரலில் பசை காய்ந்த தடம் சொரசொரவென்று அவள் தோலில் பட்டது.

மலையைச் சுற்றவில்லை. ஆட்டோவைக் கோவில் பக்கம் வரச்சொல்லிவிட்டு அந்தக் கோவில் வரை மட்டும் நடந்தார்கள், கால் கிலோமீட்டர்கூட இருக்காது. அவன் முன்னால் போகவில்லை. அவளுடைய இடது பக்கமே நடந்தான், அவள் எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஒரு அடிகூடத் தாண்டவில்லை. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. கூடவே, முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய முருகவேல் இனி வரமாட்டான் என்றும் புரிந்தது. அவனையும் மனசு தேடியது. பக்கத்தில் வருகிறவனை வைத்துக்கொண்டே அவனைத் தேடினாள்.

மறுநாள் காலையில் அவன் எப்போதும்போல ஓசூருக்குக் கிளம்பவில்லை. மிச்சமிருந்த ஒருநாள் லீவில் அவளோடு வேலூருக்குப் போனான். கோதண்டராமன் ஈரப் பிளாஸ்டர் துணியை அவள் காலில் சுற்றி அச்செடுக்கும்போது முருகவேல் வெளியே போகாமல் சுவரோரம் நின்றான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் நின்றான். ஆதிலட்சுமியின் ஒட்டைக் கோதண்டராமன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் செய்தது, நல்ல கை என்றார். புது ஸ்ப்ளிண்டுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்.

மூன்று வாரம் என்றால் கார்த்திகை தீபக் கூட்டம் வந்துவிடும். அது முடிந்து, கூட்டம் வடிந்த பிறகு ஒரு வெறும் நாளில் நடக்கலாம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எந்த நாள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே அவன் ஓசூர் பஸ் ஏறினான். வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்வான் என ஒரு நொடி அவள் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. சீக்கிரம் வரேன் என்றான், அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தான்.

புது ஸ்ப்ளிண்ட் வந்து, வினோதினி மறுபடி விடியற்காலையில் நடக்கத் தொடங்கியபோது தினமும் அந்த நேரத்துக்கு போன் வந்தது. ஷிப்ட் ஆட்களை ஏற்ற பஸ்ஸை நிறுத்திவிட்டு அவன் கூப்பிடுவான். பெரிதாக எதுவும் பேசமாட்டான். இப்ப எங்க இருக்க என்று கேட்பான். அவள் இடத்தைச் சொல்வாள், குளம், மரம், எதிரே வருகிற நாய், மலைமேல் நிற்கிற மேகம். அந்தப் பக்கம் பஸ் எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பான். ஆட்கள் ஏறியதும் வைத்துவிடுவான். அவள் போனைக் கையில் பிடித்தபடி மிச்ச தூரத்தை நடப்பாள்.